அப்பா சொல்லும் "இரண்டு கிளாஸ்" எத்தனை யூனிட்? மில்லியையும் சதவீதத்தையும் வைத்துக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உப்புவெளி மகன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயது. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சீனிக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் கிளினிக் போகிறார். போன மாதம் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை கொஞ்சம் கூடி வந்திருந்தது. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "இரவில் ரெண்டு கிளாஸ், அதுக்கு மேலே இல்லை" என்று சொல்லியிருக்கிறார். கொப்பியில் ஒரு நாளுக்கு இரண்டு யூனிட் என்று எழுதிவிட்டார்கள்.

லண்டனில் இருக்கும் தங்கை இதைக் கேட்டுவிட்டு, அங்கே கிழமைக்கு 14 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள், அப்பாவுக்கு ஏழு நாளும் இரண்டு இரண்டாகச் சரியாக 14 வருகிறது, பயப்படாதே என்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. வெறும் போத்தல்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறவன் நான்.

அப்பா குடிப்பது சாராயம். 750 மில்லிப் போத்தல், லேபிளில் 33.5% v/v என்று இருக்கிறது. சோடா நிறையக் கலப்பார். இதை எப்படி யூனிட் ஆக்குவது? அடுத்த கிளினிக்குக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.

மூதூர் தம்பி

அண்ணா, இது சின்னக் கணக்கு. 33.5 சதவீதம் என்றால் 100 மில்லியில் 33.5 கிராம் அற்ககோல். ஒரு யூனிட் 8 கிராம். ஒரு கால் போத்தல், அதாவது 180 மில்லி எடுத்தால் 60 கிராம். எட்டால் பிரித்தால் ஏழரை யூனிட். இதே மாதிரி அப்பாவின் கிளாஸுக்கும் போட்டுப் பாருங்கள்.

மிஸ்ஸி அக்கா

தம்பி, 8 கிராம் என்பது சரி. ஆனால் நடுவில் ஒரு படி விட்டுப்போயிற்று. லேபிளில் v/v என்று இருப்பதைப் பாருங்கள். அது கனவளவுச் சதவீதம். 100 மில்லிச் சாராயத்தில் 33.5 மில்லி அற்ககோல் இருக்கிறது என்றுதான் அர்த்தம், கிராம் இல்லை. அற்ககோல் தண்ணீரைவிட இலேசு. ஒரு மில்லி 0.789 கிராம்தான் நிறுக்கும். அதனால் நீங்கள் சொன்ன கால் போத்தலில் 60 மில்லி அற்ககோல் இருந்தாலும் நிறை ஏறக்குறைய 48 கிராம்தான். ஏழரை இல்லை, ஆறு யூனிட்.

நான் 31 வருஷம் வோர்டில் நின்றவள். கிராமுக்குப் போனால் எனக்கும் கைதவறும், ஆகையால் போகவே மாட்டேன். பிரிட்டன் யூனிட் என்பது 10 மில்லி சுத்த அற்ககோல். எட்டுக் கிராம் என்பதும் அதையேதான் சொல்கிறது. ஆகவே:

மில்லி × சதவீதம் ÷ 1000 = யூனிட்

180 × 33.5 = 6030. ஆயிரத்தால் பிரித்தால் 6.

இதையும் மறந்துபோகிறவர்களுக்கு இன்னும் இலேசான ஒரு வழி சொல்வேன். லேபிளில் உள்ள சதவீதம் எத்தனையோ, ஒரு லீற்றரில் அத்தனை யூனிட். 33.5 சதவீதம் என்றால் ஒரு லீற்றரில் 33.5 யூனிட். அப்பாவின் பெரிய போத்தல் முக்கால் லீற்றர், அதனால் அதில் 25 யூனிட் இருக்கிறது.

சோடா எவ்வளவு ஊற்றினாலும் இந்த எண் மாறாது. கிளாஸுக்குள் போன சாராயத்தை மட்டும் எண்ண வேண்டும். சோடா கலந்தது தொண்டையில் எரியாது, அதனால் "லைட்டாகத்தான் போட்டேன்" என்று தோன்றும், அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பாவின் "ஒரு கிளாஸ்" எத்தனை மில்லி?

நிலாவெளி பார்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் ஹோட்டல் பாரில் வேலை செய்கிறேன். "ஒரு டொட் என்றால் ஒரு யூனிட்" என்று நம் ஆட்கள் சொல்வது எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது வெள்ளைக்காரருக்கு ஊற்றிய பிறகுதான். அங்கே பாரில் ஒரு அளவு 25 மில்லி. விஸ்கி, வொட்கா 40 சதவீதம். 25 × 40 = 1000, பிசகாமல் ஒரு யூனிட். அவர்களுக்கு அது சரி. எங்களிடம் 25 அளவுக் கிண்ணமும் இருக்கிறது, 50ம் இருக்கிறது. உள்ளூர் ஆள் வந்து "ஒரு டொட்" என்றால் நாங்கள் எடுப்பது பெரும்பாலும் 50.

வீட்டில் அளவுக் கிண்ணமே கிடையாது. போன தீபாவளிக்கு என் மச்சான் கண்ணளவில் ஊற்றியதை வாங்கி என் கிண்ணத்தில் அளந்தேன், 70 தாண்டியது. அவன் அதை ஒரு டொட் என்றுதான் சொன்னான்.

பியருக்கும் இதே நிலைமை. ஒரு ரின் ஒரு யூனிட் என்பார்கள். 500 மில்லி ரின், 4.8 சதவீதம் என்றால் 2.4 யூனிட். அதே அளவு ரின்னில் ஸ்ட்ரோங் 8.8 என்றால் 4.4. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு ரின்னும் ஒன்றுதான்.

சுங்க வீதி ஓட்டோ

நல்ல இழை. எனக்கும் இதுதான் தெரிய வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ஆறு யூனிட் எடுத்தால் காலை ஐந்து மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றப் போகலாமா? பொலிஸ் ஊதச் சொன்னால் எத்தனை யூனிட்டில் பிடிபடும்?

மிஸ்ஸி அக்கா

தம்பி, இங்கே கேட்பது வேறு. யூனிட் என்பது உள்ளே போனது எவ்வளவு என்று சொல்லும். இரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதை அது சொல்லாது. அது உடம்பின் பருமன், ஆணா பெண்ணா, சாப்பிட்டதா, ஈரல் எப்படி என்று ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட் அளவில் உடம்பு கழிக்கும் என்பார்கள், ஆனால் அது சராசரி. அந்தக் கணக்கில் ஆறு யூனிட்டை ஒன்பது மணிக்கு முடித்தால் விடியற்காலம் மூன்று மணி. பத்து மணி வரை இழுத்து, ஊற்றியது ஆறு இல்லாமல் எட்டாக இருந்தால் காலை ஆறு மணி. பிள்ளைகளை ஏற்றுகிறவர் இந்தக் கணக்கை நம்பி சாவியைத் திருப்பக் கூடாது. வேலை இருக்கும் நாளுக்கு முதல் இரவு தொடாதீர்கள்.

உப்புவெளி மகன்

அக்கா, அளந்துவிட்டேன்.

அப்பாவிடம் கேட்டால் "ரெண்டு விரல்" என்றுதான் சொல்வார், அதனால் கேட்கவில்லை. அவர் சாராயம் ஊற்றி வைத்துவிட்டு சோடா எடுக்கக் குசினிக்குப் போகும் நேரத்தில், கிளாஸைச் சுற்றி றப்பர் பாண்ட் ஒன்றைப் போட்டு, சாராயம் நிற்கும் மட்டத்துக்கு இறக்கிவிட்டேன். வந்தவர் பார்த்தார், ஏன் என்று கேட்டார், அளவு பார்க்கிறேன் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. காலையில் கிளாஸைக் கழுவி, றப்பர் பாண்ட் வரைக்கும் தண்ணீர் ஊற்றி, அதை மகளின் பால் போத்தலில் கவிழ்த்தேன். அதில் பத்து மில்லிக்கு ஒரு கோடு இருக்கிறது.

மூன்று இரவு இப்படிச் செய்தேன். முதல் கிளாஸ் ஒவ்வொரு நாளும் 80 கோட்டை ஒட்டி நின்றது. இரண்டாவது கிளாஸ் 90. முதலாவதைவிட இரண்டாவது கூடும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் ஒரு நாளுக்கு 170 மில்லி.

170 × 33.5 ÷ 1000 = 5.7 யூனிட். ஏழு நாளுக்கு 40 வருகிறது. 14 என்று எழுதிய இடத்தில் 40. சரியாகத்தான் போட்டிருக்கிறேனா?

மிஸ்ஸி அக்கா

சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். கொப்பியில் எழுதியவர் மேலும் பிழை சொல்ல முடியாது. அப்பா கிளாஸை எண்ணினார், கேட்டவர் யூனிட்டை எண்ணினார், இரண்டு பேரும் "இரண்டு" என்று சொன்னார்கள்.

ஆனால் மூன்று நாள் அளவை வைத்து ஒரு கிழமையைச் சொல்ல எனக்கு மனமில்லை. நீங்கள் பார்க்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு அப்பாவின் கை குறைந்திருக்கவும் கூடும். வேறு பக்கத்தால் ஒரு தரம் சரிபாருங்கள். அந்தச் சாக்கில் இரண்டு கிழமைக்கு எத்தனை வெறும் போத்தல் சேர்கிறது? ஊற்றும் கை ஏமாற்றும், போத்தல் ஏமாற்றாது.

உப்புவெளி மகன்

பார்த்தேன் அக்கா. அப்பாவே கடைசி இரண்டு கிழமையில் மூன்று பெரிய போத்தல் முடிந்தது என்று ஒத்துக்கொண்டார், சாக்கிலும் மூன்றுதான். மொத்தம் 2250 மில்லி. அளந்தபடி பார்த்தால் 14 நாளுக்கு 2380 வர வேண்டும், 130 மில்லி குறைகிறது என்று முதலில் குழம்பினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இடையில் பௌர்ணமி. அன்றைக்கு அப்பா தொட மாட்டார். 13 நாளுக்கு 170 படி 2210. மிச்சம் 40 மில்லி, ஒரு நாள் பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஊற்றியதாக இருக்கும்.

அப்படியானால் கிழமைக்கு ஒன்றரைப் போத்தல், 1125 மில்லி. யூனிட்டில் 37.7. நாற்பதோ முப்பத்தெட்டோ, பதினாலு இல்லை.

தங்கைக்கு அனுப்பினேன். அவள் ஒரு நாள் முழுக்கப் பதில் போடவில்லை.

ஸ்காபரோ அண்ணா

திருமலையில் பிறந்து இப்போது கனடாவில் இருக்கிறேன். பியர் தொழிற்சாலை ஒன்றில் பல வருஷம் வேலை செய்தவன். ஒரு விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். "யூனிட்" என்று தங்கை சொல்வது பிரிட்டன் கணக்கு, 8 கிராம். இங்கே எங்களுக்கு யூனிட் கிடையாது. "ஸ்டாண்டர்ட் டிரிங்க்" என்றுதான் சொல்வார்கள், அது 13.45 கிராம். ஆஸ்திரேலியாவில் 10 கிராம். உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிப்பழக்கக் கேள்வித்தாளிலும் ஒரு டிரிங்க் 10 கிராம் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

தம்பியின் அப்பாவை எடுப்போம். கிழமைக்கு 1125 மில்லி. அதில் சுத்த அற்ககோல் 377 மில்லி, நிறையில் 297 கிராம். லண்டனில் கேட்டால் 38. கனடாவில் கேட்டால் 22. 10 கிராம் கணக்கில் 30. ஆள் ஒருவர், சாராயம் ஒன்று. 22 என்று நான் சொல்லி, அதைக் கொண்டுபோய் உங்கள் தங்கையின் 14க்குப் பக்கத்தில் வைத்தால் அப்பா அவ்வளவு மோசம் இல்லை என்று தோன்றிவிடும். அதே ஊர்க் கணக்கோடு அதே ஊர் எல்லையைத்தான் ஒப்பிட வேண்டும்.

எல்லையும் ஊருக்கு ஊர் வேறு. பிரிட்டனில் 2016இல் இருந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் கிழமைக்கு 14 யூனிட். அதையும் மூன்று நாளோ அதற்கு மேலோ பரப்பிக் குடிக்கச் சொல்கிறார்கள். இங்கே 2023இல் வந்த வழிகாட்டலில் கிழமைக்கு இரண்டு டிரிங்குக்குள் நின்றால்தான் ஆபத்து குறைவு என்று போட்டிருக்கிறது.

உப்புவெளி மகன்

அண்ணா, அப்படியானால் நம் கிளினிக் படிவத்தில் இருக்கும் யூனிட் எந்த ஊர் யூனிட்?

மிஸ்ஸி அக்கா

தம்பி, ஆளுக்கு ஆள் வேறு அர்த்தத்தில் எழுதுவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அங்கே போய் யூனிட் என்றே சொல்லாதீர்கள். "33.5 சதவீதச் சாராயம், கிழமைக்கு ஒன்றரைப் பெரிய போத்தல், ஒரு நாளுக்கு 170 மில்லி" என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். வேண்டுமானால் பக்கத்தில் 297 கிராம் என்று போடுங்கள். டொக்டர் எந்தக் கணக்குக்கும் மாற்றிக்கொள்வார்.

குச்சவெளி

இதெல்லாம் லேபிள் ஒட்டிய போத்தலுக்குச் சரி. என் ஐயா பனங்கள்ளு குடிக்கிறவர். மரத்தால் இறக்கி முட்டியோடு வருகிறதுக்கு எங்கே சதவீதம் எழுதியிருக்கிறது? கள்ளு மருந்து என்றும் சொல்வார். அதற்கும் யூனிட் உண்டா?

இரசாயன மாஸ்டர்

உண்டு. அதை அளக்கவும் வழி இருக்கிறது. ஆய்வுகூடத்தில் அற்ககோல்மானி இருக்கும், கண்ணாடிக் குழாய் மாதிரி மிதக்கும். கள்ளை ஒரு உயரமான சாடியில் ஊற்றி அதை விட்டால் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே சதவீதம். மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன்.

ஸ்காபரோ அண்ணா

மாஸ்டர், அது காய்ச்சி வடித்த சாராயத்துக்குத்தான் சரிவரும். கள்ளில் புளிக்காத சீனி மிச்சம் இருக்கும். சீனி திரவத்தை அடர்த்தியாக்கும், அற்ககோல் இலேசாக்கும், மானி இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு பொய் எண்ணைக் காட்டும். சில நேரம் அற்ககோலே இல்லை என்று கூடக் காட்டும். சாராயத்திலும் ஒரு சிக்கல். அந்த மானி 20 பாகை வெப்பத்துக்குச் செய்தது. திருமலை வெயிலில் 30 தாண்டிய திரவத்தில் விட்டால் உள்ளதைவிடச் சில புள்ளிகள் கூடக் காட்டும்.

கள்ளுக்கு வேறு பக்கத்தால் ஒரு எல்லை போடலாம். கருப்பணியில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 முதல் 12 கிராம் சீனி இருக்கும். சீனி முழுவதும் அற்ககோலாக மாறினாலும் பாதி நிறைதான் அற்ககோலாகும், மற்றப் பாதி வாயுவாகப் போய்விடும். அதாவது 5, 6 கிராம், மில்லியில் 6இல் இருந்து ஏழரை வரை. முழுவதும் மாறாது, அதற்குள் புளித்துக் காடியாகத் தொடங்கிவிடும். ஆகவே 4க்கும் 6க்கும் நடுவில் என்று வைத்துக்கொண்டு இரண்டாலும் கணக்குப் போடுங்கள். ஒரு போத்தல் 750 மில்லி என்றால் 3 யூனிட்டில் இருந்து நாலரை யூனிட் வரை. ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது.

குச்சவெளி

காலையில் இறக்கியது 4, பின்னேரத்துக் கள்ளு 6 என்று எடுக்கலாமா?

ஸ்காபரோ அண்ணா

நேரம் போகப் போகக் கூடும் என்பது உண்மை. ஆனால் முட்டிக்குச் சுண்ணாம்பு தடவாவிட்டால் மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும், அதனால் காலைக் கள்ளும் வெறும் இனிப்புத் தண்ணீர் இல்லை. முட்டி பழையதா, கழுவியதா என்பதைப் பொறுத்தும் மாறும். நான் இரண்டு நேரத்துக்கும் இரண்டு எண்ணையும் போட்டு வைப்பேன்.

குச்சவெளி

ஐயா காலைக் கள்ளில் தலை சுற்றாது என்கிறார். எனக்கு அவருடைய அனுபவம்தான் பெரிது. பார்ப்போம்.

மூதூர் தம்பி

கிராம் பிழையைத் திருத்தியதற்கு நன்றி அக்கா. ஆனால் இவ்வளவு கணக்கு எதற்கு? 40 என்று தெரிந்துவிட்டது. நாளைக்கே போத்தலை எடுத்துக் கடலில் வீச வேண்டியதுதானே?

மிஸ்ஸி அக்கா

வேண்டாம் தம்பி. இதை வாசிக்கிற எல்லோரும் கவனியுங்கள். பல வருஷமாக நாள் தவறாமல் குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால் கடைசிக் கிளாஸுக்குப் பிறகு இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை வரலாம். சிலருக்கு வலிப்பு வரும், இல்லாதது தெரியும், ஆளே மாறிப் பேசுவார். அப்படி வந்தவர்களை நான் வோர்டில் பார்த்திருக்கிறேன், வீட்டார் நல்லது நினைத்துத்தான் போத்தலை ஒளித்திருப்பார்கள். நடுக்கமோ வலிப்போ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

தம்பியின் அப்பா பௌர்ணமிக்கு ஒரு நாள் விட்டு இருக்கிறார், அன்றைக்கு நடுங்கவில்லை என்றால் நல்ல சகுனம். அதை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. சீனிக்குக் குளிசை வேறு எடுக்கிறார். சில சீனிக் குளிசையோடு குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் இரவில் சீனி இறங்கிவிடும். எப்படிக் குறைப்பது என்பதை அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு டொக்டர் சொல்லட்டும். அந்தக் கிளினிக்குக்கு மூன்று கிழமை காத்திருக்க வேண்டாம், ஈரல் பரிசோதனை கூடியிருக்கிறது, முந்திப் போகப் பாருங்கள்.

நிலாவெளி பார்

வீட்டில் அளவுக்கு ஒன்று சொல்கிறேன். 33.5 சதவீதச் சாராயத்துக்கு 30 மில்லி ஒரு யூனிட். 30 × 33.5 = 1005. பார்க்கும்போது பயந்துவிடுவீர்கள், அவ்வளவு கொஞ்சம். கிளாஸில் நெயில் பொலிஷால் ஒரு கோடு போடுங்கள், கழுவினாலும் போகாது. லண்டன்காரர் சொல்லும் 14 யூனிட் இந்தச் சாராயத்தில் கிழமைக்கு 420 மில்லிதான், அரைப் போத்தலுக்குச் சற்று மேலே.

உப்புவெளி மகன்

திங்கட்கிழமையே போய்வந்தோம். துண்டைக் கொடுத்தேன். டொக்டர் வாசித்துவிட்டுப் பழைய பக்கத்தைப் புரட்டி, இரண்டு என்று இருந்ததை வெட்டி 170 மில்லி என்று எழுதினார். அப்பாவின் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், இன்னொரு இரத்தப் பரிசோதனை எழுதினார். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், படிப்படியாகக் குறைப்போம், இரண்டு கிழமையில் வாருங்கள் என்றார். இரவுக் குளிசையில் ஒன்றை மாற்றியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து மனைவியின் நெயில் பொலிஷால் 30இல் ஒரு கோடு, 60இல் ஒரு கோடு போட்டேன். அப்பா கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுவா ஒன்று?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அப்ப நான் இவ்வளவு நாளும் ஆறு எல்லே குடிச்சிருக்கிறன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா வீட்டில் ஒரு போத்தல் கள்ளு குடிப்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார். அதைத் துண்டில் எழுதவில்லை. மூன்றா நாலரையா என்று தெரியாமல் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.